நூல் விலைக்கு ஒரு மின்மடல்

அழைப்பிதழில் ‘மின்மடல் தொடங்கிச் சம்பாதிப்பது எப்படி’ என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் தேறாது. அதனால் ஒரே ஒரு மடலை எடுத்துக்கொண்டு, அதன் கணக்கு வழக்கைக் கடைசிவரை போட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். அந்த மடல் இன்னும் பிறக்கவில்லை. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலை அறிந்த ஒருவர், நூல் விலையைப் பற்றி மட்டும் வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரூபாய்க் கணக்கெல்லாம் நான் உதாரணத்துக்காகப் போடுவது. மற்றபடி நான் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மடல்கள் உண்மையில் நடந்தவை.

ஏன் நூல் விலை? இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு விளக்கவே வேண்டாம். மில்கள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் ஓசைரி நூலின் விலையை அறிவிக்கின்றன. எக்ஸ்போர்ட்டரோ பையரிடம் பல வாரங்களுக்கு முன்பே விலை ஒப்புக்கொண்டிருப்பார். ஒரு டி-சர்ட்டில் 200 கிராம் துணி நிற்கிறது என்றால், டையிங், காம்பாக்டிங் இழப்பு, கட்டிங் வேஸ்ட் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய கால் கிலோ நூல் போட்டாக வேண்டும். நூல் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பீசுக்கு இரண்டரை ரூபாய் கூடுகிறது. 50,000 பீஸ் ஆர்டரில் அது ஒன்றேகால் லட்சம் ரூபாய். 2022 மே மாதம் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூர் இரண்டு நாள் வேலைநிறுத்தமே செய்தது.

இந்த ஒன்றேகால் லட்சத்தைப் பார்த்துத்தான் மடலின் சந்தாவை நிர்ணயிக்க வேண்டும். ஆண்டுக்கு 2,400 ரூபாய் சந்தா என்றால், படிப்பவர் அதை சினிமா டிக்கெட்டோடு ஒப்பிடக் கூடாது, தன் காஸ்டிங் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரு விஷயத்தை மடலாக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பணம் வாசகரின் சொந்தப் பையிலிருந்து வருமா, ஆபிஸ் கணக்கிலிருந்து வருமா? சொந்தப் பையிலிருந்து கொடுப்பவர் ஒவ்வொரு மாதமும் யோசிப்பார். ஆபிஸ் கணக்கில் எழுதுபவர் ஆண்டுக்கு ஒருமுறைதான் யோசிப்பார். கவிதைக்கும் சமையலுக்கும் மடல் நடத்திப் பிழைப்பவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குப் பல மடங்கு பெரிய பட்டியல் தேவைப்படுகிறது.

உடனே ஒரு கேள்வி வரும். “நூல் விலைதான் வாட்ஸ்அப் குரூப்பில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறதே, அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?” சரியான கேள்வி. விலையை மட்டும் சொல்லும் மடலுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். விலை ஏன் ஏறியது, பஞ்சு வரத்து எப்படி, நியூயார்க் பஞ்சு வாயிதா எந்தப் பக்கம் போகிறது, 30-ம் நம்பர் கோம்டு ஏறியபோது 20-ம் நம்பர் ஏன் ஏறவில்லை, இப்போது கொட்டேஷன் கொடுப்பவர் எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் அதற்குக் கொடுப்பார்கள். போன வருடம் இதே மாதம் என்ன நடந்தது என்று குரூப்பில் தேடிப் பாருங்கள், ‘குட் மார்னிங்’ படங்களுக்கு நடுவில் தொலைந்திருக்கும். மடலுக்கு ஒரு பழைய தொகுப்பு சேர்கிறது. மூன்றாவது வருடத்தில் சந்தா கட்டுபவர்களில் பலர் அந்தத் தொகுப்புக்காகவே கட்டுவார்கள்.

எதை இலவசமாகக் கொடுப்பது, எதற்குக் காசு வாங்குவது என்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பாதிக் கட்டுரையைக் காட்டிவிட்டு ‘மீதியைப் படிக்கச் சந்தா கட்டுங்கள்’ என்று கதவைச் சாத்துவது எனக்குப் பிடிக்காத வழி. பென் தாம்சன் என்ற அமெரிக்கர் ‘ஸ்ட்ராடெக்கரி’ என்று ஒன்று நடத்துகிறார். தொழில்நுட்பக் கம்பெனிகளின் வியாபார உத்தியைப் பற்றி மட்டுமே எழுதுவார். 2013-ல் இலவசமாகத் தொடங்கி, 2014 ஏப்ரலில்தான் சந்தாவைக் கொண்டுவந்தார். மாதம் 10 டாலர், ஆண்டுக்கு 100. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரம் பேர் கட்டிவிட்டார்கள். அவர் செய்ததைக் கவனியுங்கள். வாரம் ஒரு பெரிய கட்டுரையை முழுசாக, இலவசமாகவே கொடுத்தார். அதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். காசு வாங்கியது தினசரி மடலுக்கு. இலவசக் கட்டுரை ஊரெல்லாம் சுற்றி ஆள் சேர்த்தது, தினசரி மடல் சோறு போட்டது.

நம் நூல் மடலுக்கு இதைப் பொருத்தினால் இப்படி வரும். சனிக்கிழமை மடல் எல்லோருக்கும் இலவசம். அதில் ஒரு விஷயம், முழு விளக்கம். சந்தா கட்டியவர்களுக்கு, மில்கள் விலை அறிவித்த அன்று மாலையே இன்னொரு மடல். நம்பர் வாரியாகப் பழைய விலை, புதிய விலை, பீசுக்கு எவ்வளவு கூடும் என்ற அட்டவணை, கூடவே எக்செல் தாள். மெர்ச்சண்டைசர் அதில் தன் துணியின் எடையைப் போட்டால் விடை வர வேண்டும். மாத நடுவில் சந்தையில் அசைவு தெரிந்தால் இன்னொன்று. மாதம் இரண்டு சந்தா மடல், நான்கு இலவச மடல். இதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவரால் வாரம் மூன்று மடல் தாங்காது. மடல் நின்றுபோவதற்குப் பணத்தட்டுப்பாட்டைவிட எழுதிக் களைப்பதே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இனி வாசகர் பட்டியல். இதில்தான் முழுத் தொழிலும் இருக்கிறது. ஐ.எஃப். ஸ்டோன் என்ற வாஷிங்டன் பத்திரிகையாளர், வேலைபார்த்த நாளிதழ் மூடிய பிறகு, 1953-ல் நான்கு பக்க வாரக் கடிதம் ஒன்றைத் தொடங்கினார். ஆண்டுக்கு 5 டாலர் சந்தா. மின்னஞ்சல் எங்கே, எல்லாம் தபால்தான். முதல் இதழுக்கே 5,300 சந்தாதாரர்கள் இருந்தார்கள். மூடப்பட்ட நாளிதழ்களின் சந்தாதாரர் முகவரிப் பட்டியல் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்த முகவரிகளுக்குக் கடிதம் போட்டார், அவரை ஏற்கெனவே படித்து வந்தவர்கள் பணம் அனுப்பினார்கள். 1971-ல் நிறுத்தும்போது ஏறக்குறைய 70,000 பேர். இடையில் ஓடியது பத்தொன்பது வருடம்.

பில் பிஷப் கதையும் இதே மாதிரிதான். பெய்ஜிங்கில் இருந்தபோது ‘சைனோசிசம்’ என்ற பெயரில் சீனச் செய்திகளைத் தொகுத்து மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியவர் அவர். பல வருடம் இலவசமாகவே அனுப்பினார். 2017 அக்டோபரில் சப்ஸ்டாக் என்ற புதுச் சேவையில் ஏறிச் சந்தா கேட்டபோது, முதல் நாளே ஆறு இலக்க டாலர் வந்தது. அதை ஒரு நாளில் வந்த பணம் என்று எழுதினார்கள். ராஜதந்திரிகளும் முதலீட்டாளர்களும் பத்திரிகைக்காரர்களுமாக முப்பதாயிரம் பேர் அளவுக்கு ஒரு பட்டியலை அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததைப் பலர் கவனிக்கவில்லை.

நம் ஆளிடம் முப்பதாயிரமும் இல்லை, ஐயாயிரமும் இல்லை. போனில் இருக்கும் தொழில் நண்பர்களில் அறுபது பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, “நூல் விலையைப் பற்றி வாரம் ஒரு மெயில் போடப்போகிறேன், அனுப்பட்டுமா அண்ணா?” என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்பது முக்கியம். கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகளை எல்லாம் மூட்டையாகப் பட்டியலில் ஏற்றினால் என்ன ஆகும்? சிலர் எரிச்சலில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மடல் அனுப்புகிறவர்களின் ஸ்பேம் புகார் நூற்றுக்கு 0.3-ஐத் தொடக் கூடாது என்று கூகுள் 2024 பிப்ரவரியில் விதி போட்டது. நாம் அந்த அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் 300 பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் அழுத்தினாலே கணக்கு 0.33. சின்னப் பட்டியலின் பலவீனம் இதுதான், ஒருவருடைய கோபம்கூடத் தாங்காது. அதனால் பெயர் கொடுத்தவருக்கு ‘நீங்கள்தான் கேட்டீர்களா’ என்று ஒரு உறுதிமடல் போய், அவர் அதை அழுத்திய பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். சொந்த டொமைன் பெயரிலிருந்து அனுப்புங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் மடல் சேவைக்காரர்கள் சொல்வதுபோல ஒருமுறை போட்டுவிட்டால் போதும். விலகும் இணைப்பை மடலின் அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். விலக வழி தெரியாதவர்தான் ஸ்பேமை அழுத்துகிறார்.

மடல் ஸ்பேமில் விழுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மொத்தத் திறப்பு விகிதத்தைப் பார்த்தால் தெரியாது. 2021-லிருந்து ஆப்பிள் மெயில் படிக்கிறவர் திறக்காவிட்டாலும் திறந்ததாகக் காட்டும்படி மாறிவிட்டது, அதனால் அந்த எண் உப்பியே இருக்கும். ஜிமெயில் முகவரிகளைத் தனியாகவும் கம்பெனி முகவரிகளைத் தனியாகவும் பிரித்துப் பாருங்கள். ஜிமெயில் பக்கம் மட்டும் திடீரென்று பாதியாக விழுந்தால் நோய் அங்கேதான். ஆறு மாதமாக எதையும் அழுத்தாதவருக்கு ‘இன்னும் வேண்டுமா’ என்று ஒரு வரி கேட்டு, பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பட்டியல் சுருங்கும்போது மனசு கேட்காது, ஆனாலும் எடுங்கள்.

இப்படி மாதம் இருபத்தைந்து, முப்பது பேராகச் சேர்ந்தால் முதல் வருடக் கடைசியில் 350 பேர் வருவார்கள். அப்போதுதான் சந்தா கேட்க வேண்டும். இலவச வாசகர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கட்டினால் சாதாரணம், பத்து பேர் கட்டினால் மிக நன்று. ஆறு பேர் என்று வைத்தால் இருபத்தொரு சந்தா, 50,400 ரூபாய். வருடம் முழுக்க எழுதியதற்கு இது கூலியாகாது. ஆனால் அந்த இருபத்தொரு பேர் யார் என்று பாருங்கள். பாதிப்பேர் ஒரே வகை ஆட்களாக இருப்பார்கள், மெர்ச்சண்டைசர்கள் என்றோ நிட்டிங் ஜாப் ஒர்க் வைத்திருப்பவர்கள் என்றோ. இரண்டாவது வருடம் அவர்களுக்காக எழுத வேண்டும்.

பணம் வாங்கும் வழியில் ஓர் எச்சரிக்கை. சப்ஸ்டாக் சந்தாவில் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறது. அது ஸ்ட்ரைப் வழியாகத்தான் பணம் வாங்கும், ஸ்ட்ரைப்போ 2024-லிருந்து இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்குத்தான் புதுக் கணக்கு தருகிறது. எனவே இங்கிருந்து நடத்துபவர் மடலை ஒரு சேவையிலும் பணத்தை ரேசர்பே போன்ற இந்தியக் கட்டண வழியிலும் வைத்து, கட்டியவர் பெயரைப் பட்டியலில் குறித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஐம்பது சந்தா வரைக்கும் கையாலேயே செய்யலாம், ஒன்றும் குடிமுழுகாது.

மாதச் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா? இந்தியாவில் நான் ஆண்டுச் சந்தாவுக்கே கை தூக்குவேன். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். நுகர்வோருக்கு நல்ல விதி. மடல்காரனுக்கு என்ன அர்த்தம்? மாதச் சந்தா என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை ‘இது இன்னும் வேண்டுமா’ என்று வங்கியே அவரைக் கேட்கிறது.

இங்கே உதிர்வுக் கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் இதைப் போடாமலே வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மாதாமாதம் நூறு சந்தாதாரரில் ஐந்து பேர் விலகுகிறார்கள் என்று வையுங்கள். ஐந்துதானே என்று தோன்றும். வருடக் கடைசியில் பழைய நூறு பேரில் 54 பேர்தான் மிச்சம். மூன்று பேர் விலகினால் 69 பேர் மிச்சம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாதம் புதிதாக ஆறு பேர் சேர்கிறார்கள், நூற்றுக்கு ஐந்து பேர் உதிர்கிறார்கள் என்றால், சந்தா 120-ஐ எட்டியதும் அப்படியே நின்றுவிடும். 120-ல் நூற்றுக்கு ஐந்து என்றால் ஆறு, வருவதும் ஆறு, போவதும் ஆறு. எவ்வளவு நன்றாக எழுதினாலும் நகராது. உதிர்வை மூன்றாகக் குறைத்தால் அதே ஆறு பேர் வரத்தில் 200 வரை போகும், இரண்டாகக் குறைத்தால் 300 வரை. மடல் ‘வளர்வது நின்றுவிட்டது’ என்று வருபவர்களிடம் நான் முதலில் விளம்பரச் செலவைப் பற்றிப் பேசுவதில்லை, போனவர்கள் யார், ஏன் போனார்கள் என்றே கேட்பேன். கார்டு காலாவதியாகிப் போனவர் வேறு, படிக்க நேரமில்லாமல் போனவர் வேறு, தொழிலையே மாற்றிக்கொண்டவர் வேறு. முதலாமவருக்கு ஒரு போன் போட்டால் போதும், திரும்பி வந்துவிடுவார்.

விளம்பரதாரருக்கு வருவோம். பெரிய மடல்கள் ஆயிரம் வாசகருக்கு இவ்வளவு என்று விலை பேசுகின்றன. 1,200 பேருள்ள நூல் மடல் அந்தக் கணக்கில் விற்றால் டீச்செலவுக்குத்தான் ஆகும். அங்கே விற்க வேண்டியது ஆட்களின் தலைக்கணக்கை அல்ல, அவர்கள் யார் என்பதை. ஒரு டெஸ்டிங் லேப், ஒரு சரக்கு அனுப்பும் ஏஜென்சி, பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்பவர் ஆகியோருக்கு இந்த 1,200 பேரும் வாடிக்கையாளராகக்கூடியவர்கள். அதில் ஒரே ஒருவர் சேர்ந்தாலும் போட்ட பணம் வந்துவிடும். ஆகவே ஒரு மடலுக்கு ஒரே விளம்பரம், 4,000 ரூபாய் ஒரே விலை, நான்கு வாரம் சேர்த்துத்தான் தருவேன் என்று சொல்லலாம். ஒரு வாரம் போட்டுப் பார்க்கிறேன் என்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, ஏமாற்றம்தான் மிஞ்சும்.

யாரிடம் விளம்பரம் வாங்கக் கூடாது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நூல் மடலில் நூல் மில்லின் விளம்பரம் வேண்டாம். அந்த மில்லின் விலை ஏறியதை நீங்கள் நேர்மையாகவே எழுதினாலும் படிப்பவர் நம்பமாட்டார். நம்பாதவர் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டார். வாங்கியதை ‘விளம்பரம்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள், கட்டுரைபோல உடுத்திவிடாதீர்கள். விளம்பரதாரருக்குக் கணக்குக் கொடுக்கும்போது, எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள் என்று சொல்லுங்கள், அதிலும் ஒரு சல்லடை போடுங்கள். பெரிய கம்பெனிகளின் மெயில் பாதுகாப்பு மென்பொருள், மடல் போய்ச்சேர்ந்த சில நொடிகளிலேயே உள்ளே உள்ள எல்லா இணைப்புகளையும் தானே திறந்து சோதிக்கும். ஒரே முகவரியிலிருந்து ஒரே நொடியில் ஏழு அழுத்தம் வந்திருந்தால் அது மனிதன் இல்லை. அதைக் கழித்த பிறகு 40 அழுத்தம் 14 ஆகலாம். 14 என்றே சொல்லுங்கள். அந்த 14-ல் எத்தனை பேர் தனக்குப் போன் செய்தார்கள் என்று அவருக்கே தெரியும், அதை வைத்துத்தான் மறுபடி வருவாரா என்பதை முடிவு செய்வார்.

மூன்றாவது வருடக் கணக்கைப் போட்டுவிடலாம். இலவச வாசகர் 1,400. நூற்றுக்கு ஏழு என்று 98 சந்தா, ஆளுக்கு 2,400 வீதம் 2,35,200 ரூபாய். கட்டண வழிக்கு நூற்றுக்கு இரண்டும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போனால் ஏறக்குறைய ஐந்தரை ஆயிரம் கழியும். வருடத்தில் முப்பது மடலுக்கு விளம்பரம் கிடைத்தால் 1,20,000. மொத்தம் மூன்றரை லட்சம். அனுப்பும் சேவைக்கும் டொமைனுக்கும் கழித்தால் இன்னும் குறையும். மூன்று வருட உழைப்புக்கு இது ஒரு நல்ல பக்க வருமானம், சம்பளமாகாது. இதைச் சம்பளமாக்குவது கம்பெனிச் சந்தாதான். ஒருவர் கட்டிவிட்டு ஆபிஸ் முழுக்க ஃபார்வேர்டு செய்வது எல்லா மடலுக்கும் நடக்கிறது. அதைத் திருட்டு என்று சண்டைபோடாமல், ஐந்து பேருக்கு 9,000 ரூபாய் என்று பில் போட்டுக் கொடுங்கள். எந்த கம்பெனி முகவரியிலிருந்து ஒரே மடல் இருபது தடவை திறக்கப்படுகிறதோ அங்கே முதலில் போன் செய்யுங்கள். இருபது கம்பெனிகள் வந்தால் 1,80,000 கூடும். மொத்தம் ஐந்து லட்சத்தைத் தாண்டும். அதன் பிறகு வேலையை விடுவதைப் பற்றி வீட்டில் பேசலாம்.

கடைசியாக ஒரு கணக்கு வழக்கு. ஆண்டுச் சந்தா வந்ததும் வங்கியில் பெரிய தொகை தெரியும். ஏப்ரலில் வாங்கிய 2,400 ரூபாயில் ஏப்ரல் முடியும்போது உங்களுடையது 200 ரூபாய்தான். மீதி 2,200 இன்னும் எழுதாத மடல்களுக்கான முன்பணம். அதைத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உடல்நிலையோ வீட்டு நிலையோ சரியில்லாமல் நடுவில் மடலை நிறுத்த வேண்டி வந்தால், மிச்சத்தை அவரவர் கணக்குக்கு அந்த வாரமே திருப்பி அனுப்ப முடியும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், ஒலிவாங்கி பின்வரிசைக்கும் வரும்.